பத்தும் பதினொன்றும்

பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சித்தாளில் முதல் இரண்டு கேள்விகளுக்கும் எண்கள் ஒன்றுதான். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, உள்ளே கொடுக்கும் மின்னழுத்தம் 0.5 வோல்ட். முதல் கேள்வியில் இந்த இரண்டு ரெசிஸ்டர்களும் இன்வெர்ட்டிங் பெருக்கியில் இருக்கின்றன. இரண்டாம் கேள்வியில் நான்-இன்வெர்ட்டிங் பெருக்கியில். வெளியே எத்தனை வோல்ட் வரும் என்பதுதான் கேள்வி.

முதலாவதற்கு விடை மைனஸ் 5 வோல்ட். இரண்டாவதற்கு 5.5 வோல்ட். அதாவது முதல் சுற்று பத்து மடங்கு பெருக்கி, குறியையும் மாற்றிவிடுகிறது. இரண்டாவது சுற்று குறியை மாற்றாமல் பதினொரு மடங்கு பெருக்குகிறது. வகுப்பில் பாதிப் பேர் இரண்டுக்கும் 5 என்று எழுதிவிடுவார்கள். மீதிப் பேரில் பலர் சூத்திரத்தை மனப்பாடம் செய்திருப்பதால் சரியாக எழுதுவார்கள். ஆனால் “இரண்டு ரெசிஸ்டரும் அதேதானே, அந்தக் கூடுதல் ஒன்று எங்கிருந்து வந்தது?” என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மொத்தச் சுற்றும் கைக்கு வந்துவிடும். அதனால்தான் தாளின் தொடக்கத்திலேயே அதை வைத்திருக்கிறேன்.

முதலில் அந்தச் சில்லைப் பார்த்துவிடலாம். எங்கள் லேபில் இருப்பது 741. கருப்பு நிறத்தில், ஒரு பக்கத்துக்கு நான்காக எட்டுக் கால்கள். ஃபேர்சைல்டு நிறுவனத்தில் டேவ் ஃபுல்லாகர் வடிவமைத்து 1968-ல் வெளிவந்தது. அதைவிடத் திறமையான சில்லுகள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் பாடம் நடத்த இன்றும் அதுவே கையில் இருக்கிறது. எட்டுக் கால்களில் நமக்கு ஐந்து போதும். ஏழாவது காலுக்குப் பிளஸ் 12 வோல்ட், நான்காவது காலுக்கு மைனஸ் 12 வோல்ட். இவை சில்லு உயிர்வாழத் தேவையான சப்ளை. இரண்டாவது கால் மைனஸ் உள்ளீடு, மூன்றாவது கால் பிளஸ் உள்ளீடு, ஆறாவது கால் வெளியீடு.

அது செய்யும் வேலை ஒன்றே ஒன்று. மூன்றாவது காலில் இருக்கும் மின்னழுத்தத்திலிருந்து இரண்டாவது காலில் இருப்பதைக் கழித்து, அந்த வித்தியாசத்தைப் பெருக்கி ஆறாவது காலில் கொடுக்கும். எத்தனை மடங்கு? பத்தோ நூறோ இல்லை; 741-க்குத் தரவுத்தாள் சொல்லும் வழக்கமான அளவு இரண்டு லட்சம். ஒரு மில்லிவோல்ட் வித்தியாசம் கொடுத்தால் கணக்குப்படி 200 வோல்ட் வர வேண்டும். சப்ளையே 12 வோல்ட்தான் என்பதால் வெளியீடு ஏதாவது ஒரு எல்லையில் போய் முட்டி நின்றுவிடும். போதாக்குறைக்கு அந்த இரண்டு லட்சம் சில்லுக்குச் சில்லு மாறும், வெப்பத்துக்கும் மாறும். அப்படியே வைத்துக்கொண்டு எதையும் அளந்து பெருக்க முடியாது.

இந்தத் தொல்லைக்கான மருந்து ஆப்-ஆம்ப் பிறப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டது. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஹரால்டு பிளாக், தொலைபேசிக் கம்பிகளுக்கான பெருக்கிகளில் ஒலி சிதைவதைக் குறைக்கப் பல ஆண்டுகள் போராடிக்கொண்டிருந்தார். 1927 ஆகஸ்ட் 2-ஆம் தேதி காலை, ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போகும்போது அவருக்கு விடை தோன்றியது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் காலியாக இருந்த பக்கத்தில் அதை எழுதிக்கொண்டார். தேவைக்கு மேல் பெருக்கும் ஒரு பெருக்கியைச் செய்து, வெளியீட்டில் ஒரு பங்கை எதிர்க்குறியோடு உள்ளீட்டுக்கே திருப்பிவிட வேண்டும். பெருக்கம் குறையும், ஆனால் மிஞ்சுகிற பெருக்கம், திருப்பி அனுப்பும் பங்கைப் பொறுத்து மட்டுமே அமையும். எதிர்ப் பின்னூட்டம் என்று நாம் சொல்வது இதைத்தான். காப்புரிமை அலுவலகம் இதை ஏற்றுக்கொள்ள 1937 ஆகிவிட்டது.

நம் சுற்றில் அந்தப் பங்கைத் தீர்மானிப்பவை இரண்டு ரெசிஸ்டர்கள். ஆறாவது காலிலிருந்து இரண்டாவது காலுக்குத் திரும்பி வருவது `Rf`. இரண்டாவது காலிலிருந்து வெளியே போவது `R1`. இரண்டு சுற்றிலும் இந்த இணைப்பு இம்மியும் மாறாது. மாறுவது ஒன்றுதான்: `R1`-இன் மறுமுனையில் சமிக்ஞையைக் கொடுத்து மூன்றாவது காலைக் கிரவுண்டில் கட்டினால் அது இன்வெர்ட்டிங். `R1`-இன் மறுமுனையைக் கிரவுண்டில் கட்டி, சமிக்ஞையை மூன்றாவது காலில் கொடுத்தால் நான்-இன்வெர்ட்டிங்.

கணக்குப் போட இரண்டு விதிகள் போதும். ஒன்று, உள்ளீட்டுக் கால்கள் வழியாகச் சில்லுக்குள் மின்னோட்டம் போகாது. இரண்டு, பின்னூட்டம் சரியாக வேலை செய்யும்வரை இரண்டாவது காலும் மூன்றாவது காலும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும். இரண்டாவது விதியைக் கேட்டதும் பிள்ளைகளுக்குச் சந்தேகம் வரும், வரவும் வேண்டும். வித்தியாசம் உண்மையிலேயே பூஜ்யம் என்றால் வெளியீடும் பூஜ்யம் ஆக வேண்டுமே? வெளியே 5.5 வோல்ட் இருக்கும்போது உள்ளே இருக்க வேண்டிய வித்தியாசத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 5.5-ஐ இரண்டு லட்சத்தால் வகுத்தால் சுமார் 27 மைக்ரோவோல்ட். லேபில் இருக்கும் மல்டிமீட்டருக்கு அது கண்ணிலேயே படாது. அந்த அளவுக்கு ‘ஒரே மின்னழுத்தம்’ என்று எடுத்துக்கொள்கிறோம்.

இப்போது முதல் கேள்வி. மூன்றாவது கால் கிரவுண்டில், அதாவது பூஜ்யத்தில். எனவே இரண்டாவது காலும் பூஜ்யத்தில். `R1`-இன் ஒரு முனையில் 0.5 வோல்ட், மறுமுனையில் 0. 10 கிலோ ஓம் வழியாக 0.5 வோல்ட் தள்ளும் மின்னோட்டம் 50 மைக்ரோஆம்பியர். அது இரண்டாவது கால் வரை வந்து நிற்கிறது. முதல் விதிப்படி சில்லுக்குள் போக முடியாது. போக வழி `Rf` மட்டுமே. 100 கிலோ ஓம் வழியாக அந்த 50 மைக்ரோஆம்பியர் ஓடினால் அதன் இரு முனைகளுக்கும் இடையே 5 வோல்ட் இறக்கம் வரும். மேட்டு முனை பூஜ்யத்தில் இருக்கிறது. ஆகவே பள்ளத்து முனை, அதாவது வெளியீடு, மைனஸ் 5 வோல்ட்டில் இருந்தாக வேண்டும்.

இரண்டாம் கேள்வி. மூன்றாவது காலில் 0.5 வோல்ட். எனவே இரண்டாவது காலிலும் 0.5. `R1`-இன் மறுமுனை கிரவுண்டில். அதே 10 கிலோ ஓம், அதே 0.5 வோல்ட்; எனவே அதே 50 மைக்ரோஆம்பியர், இந்த முறை கிரவுண்டை நோக்கி இறங்குகிறது. அந்த மின்னோட்டம் சில்லுக்குள்ளிருந்து வர முடியாது. `Rf` வழியாக வெளியீட்டிலிருந்துதான் வர வேண்டும். `Rf`-இல் அதே 5 வோல்ட் இறக்கம். ஆனால் இப்போது அதன் கீழ்முனை நிற்பது பூஜ்யத்தில் இல்லை, 0.5 வோல்ட்டில். அதற்கு மேல் 5 ஏறினால் 5.5.

ஆக, இரண்டு சுற்றிலும் ரெசிஸ்டர்கள் செய்த வேலை துளியும் மாறவில்லை. அதே மின்னோட்டம், அதே 5 வோல்ட். முதல் சுற்று தரையில் நின்று அளக்கிறது. இரண்டாவது சுற்று, உள்ளீட்டின் தோளில் ஏறி நின்று அளக்கிறது. அந்தக் கூடுதல் ஒன்று, உள்ளீடேதான்.

```
Vout = -(Rf / R1) × Vin
Vout = (1 + Rf / R1) × Vin
```

முதல் வரி இன்வெர்ட்டிங். இரண்டாவது வரி நான்-இன்வெர்ட்டிங். மனப்பாடம் செய்தவர்கள் தேர்வுப் பதற்றத்தில் அந்த 1-ஐ எந்த வரியில் போடுவது என்று குழம்புவார்கள். மின்னோட்டத்தின் கூடவே நடந்து பார்த்தவர்களுக்கு அந்தக் குழப்பம் வராது.

எண்களோடு ஒட்டாத பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் இரண்டு படம் போடுவேன். முதல் படம் கிணற்று ஏற்றம். நடுவில் கால் நட்டு அதன்மேல் துலாமரம். அச்சிலிருந்து ஒரு பக்கம் ஓர் அடி, மறுபக்கம் பத்து அடி என்று வைத்துக்கொள்வோம். குட்டைப் பக்கத்தை அரையடி மேலே தூக்கினால் நெட்டைப் பக்கம் ஐந்தடி கீழே இறங்கும். அச்சு மட்டும் அசையாது. இன்வெர்ட்டிங் சுற்றில் இரண்டாவது கால்தான் அந்த அச்சு. எதிர்த்திசை எப்படி வந்தது, பத்து மடங்கு எப்படி வந்தது என்பது இரண்டும் அதில் தெரிந்துவிடும்.

இரண்டாவது படம் பெரிய இரும்புக் கேட். கீல் சுவரில் இருக்கிறது; அதுதான் கிரவுண்டு. கீலிலிருந்து ஓர் அடி தள்ளிக் கையை வைத்துத் தள்ளுகிறேன். என் கையிலிருந்து கேட்டின் ஓரம் வரை பத்து அடி. கை அரையடி நகர்ந்தால் ஓரம் எவ்வளவு நகரும்? கையிலிருந்து ஓரத்துக்கு இருக்கும் பத்தடியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கீலிலிருந்து ஓரம் வரை மொத்தம் பதினொரு அடி. ஆகவே ஐந்தரை அடி நகரும், கை போன திசையிலேயே. இந்தப் படத்தைப் போட்ட பிறகு, “மேடம், கீலுக்கும் கைக்கும் நடுவுல இருக்கிற அந்த ஓரடிதான் அந்த ஒன்னு” என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும்.

கேட் இன்னொன்றையும் சொல்லிக்கொடுக்கும். கையை எங்கே வைத்தாலும் கேட்டின் ஓரம் கையைவிடக் குறைவாக நகராது. நான்-இன்வெர்ட்டிங் சுற்றின் பெருக்கமும் ஒன்றுக்குக் கீழே போகாது. ஏற்றத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அச்சை நகர்த்தி எந்தப் பக்கத்தையும் குட்டையாக்கலாம். எனவே சமிக்ஞையைக் குறைக்க வேண்டுமென்றால் இன்வெர்ட்டிங் சுற்றுதான் தோது.

தாளில் விடை வந்துவிட்டது. இனி பிரெட்போர்டு. கணக்குக்கும் மீட்டருக்கும் சண்டை வருவது இங்கேதான். அதிகமாக வரும் சண்டை ஒன்றை விரிவாகச் சொல்கிறேன்.

0.5 வோல்ட்டை எங்கிருந்து எடுப்பது? பிள்ளைகள் 10 கிலோ ஓம் பொட்டன்ஷியோமீட்டர் ஒன்றை எடுத்து, பிளஸ் 12-க்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே கட்டி, நடுக்காலை மீட்டரில் பார்த்துக்கொண்டே திருகி 0.50 வந்ததும் நிறுத்துவார்கள். பிறகு அந்த நடுக்காலை `R1`-இல் செருகுவார்கள். வெளியீட்டில் மீட்டரை வைத்தால் மைனஸ் 5 வராது.

“மேடம், ஐசி போயிடுச்சு. அஞ்சு வரவே மாட்டேங்குது. 4.8-தான் காட்டுது.”

“ஐசியை விடுப்பா. மீட்டரை இப்ப இன்புட்ல வச்சுப் பாரு.”

வைத்துப் பார்ப்பான். 0.50 என்று விட்டுவந்த இடத்தில் 0.48 இருக்கும். 0.48-ஐப் பத்தால் பெருக்கினால் 4.8. பெருக்கி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. உள்ளீடுதான் சரிந்துவிட்டது.

ஏன் சரிந்தது? இன்வெர்ட்டிங் சுற்றில் இரண்டாவது கால் பூஜ்யத்தில் நிற்கிறது என்று பார்த்தோம். அப்படியென்றால் சமிக்ஞையைக் கொடுப்பவருக்கு, `R1` கிரவுண்டுக்குப் போவது போலத்தான் தெரியும். பொட்டன்ஷியோமீட்டர் 10 கிலோ ஓம் சுமையை இழுக்க வேண்டியிருக்கிறது. 12 வோல்ட்டில் 0.5 எடுக்கும் நிலையில், அதன் நடுக்காலுக்குப் பின்னால் சுமார் 400 ஓம் தடை ஒளிந்திருக்கிறது. 400 ஓம்மும் 10 கிலோ ஓம்மும் அந்த அரை வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொண்டால், நம் பங்குக்கு 0.48 வருகிறது.

நான்-இன்வெர்ட்டிங் சுற்றில் இதே பொட்டன்ஷியோமீட்டரைச் செருகினால் 0.50 அசையாமல் நிற்கும். சமிக்ஞை நேராக மூன்றாவது காலுக்குப் போகிறது. அந்தக் கால் இழுக்கும் மின்னோட்டம் பொருட்படுத்தவே தேவையில்லாத அளவு. பலவீனமான மூலத்திலிருந்து, உதாரணமாக ஒரு சென்சாரிலிருந்து, சமிக்ஞை எடுக்கும்போது நான்-இன்வெர்ட்டிங் சுற்றைத் தேர்ந்தெடுப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இங்கேதான் தாளின் மூன்றாம் கேள்வி வருகிறது. எனக்குப் பிடித்த கேள்வி இது. ‘10 மடங்குக்கு 10 கிலோ, 100 கிலோ வேண்டாம்; 1 கிலோ, 10 கிலோ போடுகிறேன். அல்லது 1 மெகா, 10 மெகா போடுகிறேன். விடை மாறுமா?’ சூத்திரத்தில் விகிதம் மட்டுமே இருக்கிறது. எனவே சூத்திரத்தை மட்டும் நம்புகிறவர்கள் மாறாது என்று எழுதுவார்கள்.

1 கிலோவைப் போட்டுப் பாருங்கள். அதே பொட்டன்ஷியோமீட்டரின் 400 ஓம் இப்போது 1 கிலோவோடு பங்கு போடுகிறது. உள்ளே வருவது 0.36 வோல்ட்டுக்கும் சற்றுக் குறைவு. வெளியே சுமார் மைனஸ் 3.6. கிட்டத்தட்ட முப்பது சதவீதம் காணாமல் போய்விட்டது.

சரி, மேலே போவோம் என்று 1 மெகாவும் 10 மெகாவும் போட்டால் மூலத்துக்குச் சுமையே இல்லை. ஆனால் வேறொரு பக்கம் உதை விழுகிறது. முதல் விதி சொன்னது நினைவிருக்கிறதா, உள்ளீட்டுக் கால்களுக்குள் மின்னோட்டம் போகாது என்று? அது முழு உண்மை இல்லை. 741-இன் உள்ளீட்டில் இருப்பவை டிரான்சிஸ்டர்கள். அவை வேலை செய்யக் கொஞ்சம் மின்னோட்டம் வேண்டும். தரவுத்தாள் சொல்லும் வழக்கமான அளவு 80 நானோஆம்பியர். அந்தத் துளி `Rf` வழியாக வரும்போது, 100 கிலோ ஓம்மில் 8 மில்லிவோல்ட் பிழை உண்டாக்கும். 5 வோல்ட்டுக்கு முன் அது தூசு. 10 மெகா ஓம்மில் அதே 80 நானோஆம்பியர் 0.8 வோல்ட் உண்டாக்கும். மைனஸ் 5 வர வேண்டிய இடத்தில் மைனஸ் 4.2 வந்து நிற்கும். உள்ளீட்டைக் கிரவுண்டில் கட்டினாலும் வெளியே முக்கால் வோல்ட் தெரியும். பிழையைக் கண்டுபிடிக்க அதுவே நல்ல சோதனை.

புத்தகத்துக்குப் புத்தகம் 10 கிலோ, 100 கிலோ என்றே இருப்பது இந்த இரண்டு பக்க நெருக்கடியால்தான். கீழே போனால் மூலம் தாங்காது, மேலே போனால் சில்லின் சொந்த மின்னோட்டம் கணக்கைக் கெடுக்கும். நடுவில் இருக்கும் இடம் சில கிலோ ஓம்மிலிருந்து சில நூறு கிலோ ஓம் வரை.

ரெசிஸ்டரின் தங்க வளையத்தையும் மறந்துவிடக் கூடாது. ஐந்து சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அது சொல்கிறது. ஒன்று கூடி மற்றொன்று குறைந்தால், பத்து என்று நாம் எழுதிய விகிதம் ஒன்பதிலிருந்து பதினொன்று வரை எங்கே வேண்டுமானாலும் விழலாம். பத்தா பதினொன்றா என்று நாம் பிரித்துப் பார்க்க முயலும் சோதனையில் இது விபரீதம். அதனால் செருகுவதற்கு முன் இரண்டையும் மீட்டரில் அளந்து, அளந்த எண்ணைத் தாளில் எழுதச் சொல்வேன்.

நான்காம் கேள்வி உள்ளீட்டை 2 வோல்ட் ஆக்குகிறது. சூத்திரம் மைனஸ் 20 என்கிறது. நான்-இன்வெர்ட்டிங் 22 என்கிறது. 12 வோல்ட் சப்ளையில் 741 சுமார் பத்தரை, பதினொரு வோல்ட் வரைதான் போகும். சப்ளையின் விளிம்பு வரைகூடப் போகாது. அங்கே முட்டியதும் இரண்டாவது விதி உடைந்துவிடும். இரண்டாவது காலில் மீட்டரை வைத்தால் மூன்றாவது காலோடு ஒத்துப்போகாது. விடை வித்தியாசமாக வந்தால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த இரண்டு கால்களைத்தான். இரண்டும் ஒத்திருந்தால் சில்லு நலம், பிழை ரெசிஸ்டரிலோ உள்ளீட்டிலோ இருக்கிறது. ஒத்திராவிட்டால் வெளியீடு எல்லையில் முட்டியிருக்கிறது, அல்லது பின்னூட்டம் அறுந்திருக்கிறது, அல்லது இரண்டும் மூன்றும் இடம் மாறிச் செருகப்பட்டிருக்கின்றன.

ஐந்தாம் கேள்வி திருப்பிக் கேட்கிறது: குறி மாறாமல் 20 மடங்கு வேண்டும், கடையில் கிடைக்கும் ரெசிஸ்டர்களைச் சொல். அவசரக்காரர்கள் 10 கிலோவும் 200 கிலோவும் என்பார்கள்; அது 21 ஆகிவிடும். விகிதம் 19 இருந்தால்தான், கேட்டின் ஓரடியோடு சேர்ந்து 20 வரும். ஆனால் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் வரிசை 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்று போகிறது. இதில் எந்த இரண்டை எடுத்து வகுத்தாலும் 19 வராது. 18.3 வரும், அடுத்து 20-ஐத் தாண்டிவிடும். வழி எளிது: 180 கிலோவையும் 10 கிலோவையும் தொடராகச் சேர்த்து 190 ஆக்கி `Rf` இடத்தில் வைத்து, இன்னொரு 10 கிலோவை `R1` ஆக்கலாம். ஐந்து சதவீத ரெசிஸ்டரில் 18.3-க்கும் 19-க்கும் சண்டை போட வேண்டுமா என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. அளந்து பொறுக்கியெடுக்கப் போவதில்லை என்றால் 33 கிலோவும் 1.8 கிலோவும் போதும் என்று நான் மதிப்பெண் கொடுத்துவிட்டேன், காரணத்தை எழுதியிருந்ததால்.

பிரெட்போர்டில் கால் சரியாக உட்காராமல் போவது அன்றாடம் நடப்பது. அப்படிப் போனாலும் அந்த ஒன்று தன்னைக் காட்டிக்கொடுக்கும். நான்-இன்வெர்ட்டிங் சுற்றில் `R1` கழன்றுவிட்டது என்று வையுங்கள். கிரவுண்டுக்கு வழி இல்லை, மின்னோட்டம் இல்லை, `Rf`-இல் இறக்கமும் இல்லை. வெளியீடு 5.5-க்குப் பதில் 0.5 காட்டும். பதினொன்றில் பத்து போய் ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. இன்வெர்ட்டிங் சுற்றில் அதே `R1` கழன்றால் மிஞ்சுவது பூஜ்யம். மீட்டரில் உள்ளீடே வெளியீடாகத் தெரிந்தால் நான் வேறெங்கும் தேடாமல் நேராக `R1`-இன் காலைத்தான் அழுத்திப் பார்ப்பேன்.

100 கிலோ ஓம்முக்குப் பழுப்பு, கருப்பு, மஞ்சள். 10 கிலோ ஓம்முக்குப் பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு. டியூப்லைட் வெளிச்சத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டு இடத்திலும் 10 கிலோவைச் செருகிவிட்டால் இன்வெர்ட்டிங் மைனஸ் 0.5 கொடுக்கும், நான்-இன்வெர்ட்டிங் 1 வோல்ட் கொடுக்கும். இந்த ஜோடி எண்களைக் கண்டால் நிற வளையத்தைப் பாருங்கள்.

தாளின் கடைசிக் கேள்விக்கு ரெசிஸ்டர் எதையும் மாற்ற வேண்டாம். இரண்டு சுற்றிலும் உள்ளீட்டைக் கிரவுண்டில் கட்டிவிட்டு வெளியீட்டை அளக்கச் சொல்லியிருக்கிறேன். கணக்குப்படி பூஜ்யம். மீட்டர் பூஜ்யம் காட்டாது. சில்லுக்குள் இருக்கும் இரண்டு உள்ளீட்டு டிரான்சிஸ்டர்களும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல் இருப்பதில்லை. அதனால் சில்லே தன் உள்ளீட்டில் ஒன்றிரண்டு மில்லிவோல்ட் வித்தியாசத்தைச் சுமந்துகொண்டு பிறக்கிறது. உங்கள் சில்லில் அது 2 மில்லிவோல்ட் என்றால், கால் வழியே போகும் அந்த நானோஆம்பியர்களின் சிறு பங்கை விட்டுவிட்டால், நான்-இன்வெர்ட்டிங் சுற்றில் 22 மில்லிவோல்ட் வரும். பதினொரு மடங்கு, எதிர்பார்த்ததுதான்.

இன்வெர்ட்டிங் சுற்றில்? பெரும்பாலோர் 20 என்று எழுதிவிட்டு மீட்டரை வைப்பார்கள். அங்கேயும் 22-தான் வரும். இப்போது இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளீட்டைக் கிரவுண்டில் கட்டியதும் `R1`-இன் மறுமுனை கிரவுண்டுக்குப் போகிறது, மூன்றாவது காலும் கிரவுண்டுக்குப் போகிறது. இரண்டு சுற்றும் இப்போது ஒரே சுற்று. சில்லின் சொந்தப் பிழை மூன்றாவது காலில் தொடராக உட்கார்ந்திருப்பது போல நடந்துகொள்வதால், கேட்டைத் தள்ளும் கை அதுதான்; அதற்குக் கிடைப்பது எப்போதும் பதினொன்று. வேகத்துக்கும் இதே கதை. 741 சுமார் 10 லட்சம் ஹெர்ட்ஸைத் தன் பெருக்கத்துக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும். இன்வெர்ட்டிங் சுற்று தன்னைப் பத்து என்று சொல்லிக்கொண்டாலும் பங்கு பிரிவது பதினொன்றால்தான். இரண்டு சுற்றும் ஏறக்குறைய 90 ஆயிரம் ஹெர்ட்ஸில் தளரத் தொடங்கும். முதல் கேள்வியின் சூத்திரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த அந்த ஒன்று, அந்தச் சுற்றுக்குள்ளும் முதலிலிருந்தே இருந்திருக்கிறது.